எண்ணெய்ப் பணம் வந்துவிட்டது. இனி செலவா, சேமிப்பா, பங்கீடா?

ஓர் ஏழை நாட்டின் கடற்பரப்பில் எண்ணெய் இருப்பது உறுதியானதும், அந்நாட்டு நிதியமைச்சரின் மேசைக்கு மூன்று யோசனைகள் வந்து சேர்ந்துவிடும். சாலை, மின்சாரம், பள்ளிக்கூடம், ஆலை என்று உள்நாட்டிலேயே செலவிடுங்கள் என்பது முதல் யோசனை. நார்வேயைப் பாருங்கள், வெளிநாட்டில் ஒரு நிதியம் தொடங்கிச் சேர்த்து வையுங்கள் என்பது இரண்டாவது. அரசின் கையில் இவ்வளவு பணம் இருந்தால் வீணாகத்தான் போகும், பேசாமல் மக்களுக்கே பிரித்துக் கொடுத்துவிடுங்கள் என்பது மூன்றாவது.

ஒவ்வொரு யோசனைக்கும் பின்னால் வலுவான வாதம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சாட்சியாக ஏதாவது ஒரு நாடும் இருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: பணத்தை எங்கே வைப்பது என்ற சண்டையில், அதை எவ்வளவு வேகமாகச் செலவழிப்பது என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது. பெரும்பாலான நாடுகள் அடிவாங்கியது அந்த இரண்டாவது கேள்வியில்தான்.

முதலில் நோய் என்னவென்று பார்த்துவிடலாம்.

ஜெஃப்ரி சாக்ஸ், ஆண்ட்ரூ வார்னர் என்ற இரு பொருளியலாளர்கள் 1995இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் இயற்கை வள ஏற்றுமதியைப் பெரிதும் நம்பியிருந்த நாடுகள், அடுத்த இருபது ஆண்டுகளில் மற்ற நாடுகளைவிட மெதுவாகவே வளர்ந்தன என்பது அவர்களின் முடிவு. ‘வளச் சாபம்’ என்ற சொல் அதற்கு முன்பே ரிச்சர்ட் ஆட்டி என்ற புவியியலாளர் 1993இல் பயன்படுத்தியதுதான். ஆனால் புள்ளிவிவரத்தோடு அது பரவியது சாக்ஸ், வார்னர் கட்டுரைக்குப் பிறகு. பின்னால் வந்தவர்கள் இதில் ஒரு நியாயமான ஓட்டையைக் காட்டினார்கள். வேறு எந்தத் தொழிலும் வளராத நாட்டில், ஏற்றுமதியில் பெரும்பங்கு எண்ணெயாகவோ செம்பாகவோதான் இருக்கும். அப்படியானால் எண்ணெயால் வளர்ச்சி கெட்டதா, அல்லது வளர்ச்சி இல்லாததால் எண்ணெய் பெரிதாகத் தெரிகிறதா? நிலத்தடியில் எவ்வளவு வளம் இருக்கிறது என்பதை வைத்து அளந்தால் சாபத்தின் சுவடு வெகுவாக மங்கிவிடுகிறது. ஆகவே வளம் இருந்தால் கேடு நிச்சயம் என்று சொல்ல இடமில்லை. ஆனால் கேடு வரும் நாடுகளில் அது எப்படி வருகிறது என்பது நன்றாகவே தெரியும்.

முதல் பாதை நாணய மதிப்பு வழியாக வருகிறது. நெதர்லாந்தில் 1959இல் குரோனிங்கன் எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டு, ஏற்றுமதி பெருகியபோது அந்நாட்டின் நாணயமான கில்டர் வலுத்தது, ஆலைகள் நலிந்தன. 1977இல் ஓர் ஆங்கில வார இதழ் இதற்கு ‘டச்சு நோய்’ என்று பெயர் வைத்தது. ஒரு கற்பனைக் கணக்கில் இதைப் பார்க்கலாம். ஒரு கோகோ ஏற்றுமதியாளர் கிலோவை 3 டாலருக்கு விற்கிறார். ஒரு டாலருக்கு உள்ளூர் நாணயத்தில் 10 கிடைக்கிறது என்றால் அவர் கைக்கு 30 வரும். கூலி, போக்குவரத்து எல்லாம் சேர்த்துச் செலவு 24. மிச்சம் 6. இப்போது எண்ணெய் டாலர்கள் நாட்டுக்குள் கொட்டுகின்றன. டாலர் மலிந்து 8க்கு இறங்குகிறது. உலகச் சந்தையில் கோகோ விலை அதே 3 டாலர்தான். ஆனால் இவர் கைக்கு வருவது 24. அரசு கட்டடப் பணிகளில் கூலி கூட்டிக் கொடுப்பதால் இவரும் கூலியை உயர்த்த வேண்டியிருக்கிறது. செலவு 27 ஆகிறது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. விளைச்சல் குறையவில்லை. இருந்தாலும் கிலோவுக்கு 3 நட்டம். ஓரிரு பருவம் பார்த்துவிட்டுத் தோட்டத்தைக் கைவிடுவார். எண்ணெய் தீர்ந்த பிறகு அந்தத் தோட்டமும் ஆள்களும் பழக்கமும் தானாகத் திரும்பி வருவதில்லை.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, கெடுதல் எண்ணெய் எடுப்பதால் வரவில்லை என்பது. டாலரை உள்ளே கொண்டுவந்து, உள்ளூர் நாணயமாக மாற்றி, உள்ளூர் ஆள்களையும் சிமெண்டையும் வாங்கும்போதுதான் வருகிறது. எனவே எவ்வளவு, எவ்வளவு விரைவாக உள்ளே கொண்டுவருகிறோம் என்பதே நோயின் கடுமையைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது பாதை விலையின் ஆட்டம். 2014 நடுவில் ஒரு பீப்பாய் 110 டாலரைத் தாண்டியிருந்த கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. வரும்படி ஏறும்போது செலவை ஏற்றுவது எளிது. இறங்கும்போது ஆசிரியர் சம்பளத்தை யாராலும் நான்கில் ஒரு பங்காக்க முடியாது. இடைவெளியைக் கடன் நிரப்பும். விலை உச்சத்தில் இருந்தபோது கடன் கொடுக்க வரிசையில் நின்றவர்கள், விலை விழுந்ததும் அதே வட்டிக்குக் கொடுக்கமாட்டார்கள்.

உள்நாட்டிலேயே செலவிடுவது

முதல் யோசனையைக் கேலி செய்வது எளிது, ஆனால் அதன் அடிப்படை சரியானது. ஊருக்கு மின்சாரம் இல்லாத நாட்டில், ஒரு மின்கம்பி தரும் பலன் அமெரிக்கக் கடன் பத்திரம் தரும் வட்டியைவிடப் பல மடங்கு. பசியோடு இருப்பவரிடம் முதுமைக்குச் சேமி என்று சொல்வதில் நியாயம் இல்லை. போட்ஸ்வானா 1966இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அடுத்த ஆண்டே ஓராப்பாவில் வைரம் கிடைத்தது. வைரத்தில் வரும் பணம் சாலை, பள்ளி, மருத்துவம் போன்ற முதலீடுகளுக்கு மட்டுமே, அன்றாட அரசுச் செலவுக்கு அல்ல என்ற கொள்கையை அந்நாடு நெடுங்காலம் பெரும்பாலும் காப்பாற்றியது. பல பத்தாண்டுகள் உலகின் மிக வேகமான வளர்ச்சிகளில் ஒன்று அதனுடையது.

வேகம் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு நைஜீரியாவின் 1975ஆம் ஆண்டைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 1973 அக்டோபருக்குப் பிறகு எண்ணெய் விலை நான்கு மடங்கானது. ராணுவ ஆட்சி நடத்திய யாக்குபு கோவோனின் அரசு கட்டுமானத்தில் இறங்கியது. ஏறத்தாழ 2 கோடி டன் சிமெண்டுக்கு வெளிநாடுகளில் ஆர்டர் கொடுக்கப்பட்டது. இதில் பெரும்பகுதி பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆர்டர். லாகோஸ் துறைமுகத்தால் ஓர் ஆண்டில் இறக்க முடிந்த சிமெண்டோ அதில் ஒரு சிறு பங்குதான். நூற்றுக்கணக்கான கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றன. காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கப்பல்காரர்களுக்குத் தாமதக் கட்டணம் கொடுத்தாக வேண்டும். அந்தக் கட்டணத்துக்காகவே பழைய, ஓட்டைக் கப்பல்களில் சரக்கு ஏற்றிக்கொண்டு வந்து வரிசையில் நின்றவர்களும் உண்டு. ஈரக்காற்றில் சிமெண்ட் கப்பலுக்குள்ளேயே இறுகியது. உணவும் மருந்தும் ஏற்றிவந்த கப்பல்களும் அதே வரிசையில் மாட்டிக்கொண்டன. அந்த ஆண்டு ஜூலையில் கோவோன் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து வந்த அரசு ஆர்டர்களை ரத்து செய்ய இழப்பீடு பேசிக்கொண்டிருந்தது.

இதை ஊழல் கதையாக மட்டும் படிப்பவர்கள் உண்டு. ஊழல் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அனைவரும் நேர்மையாளர்களாக இருந்திருந்தாலும் அந்தத் துறைமுகத்தில் அந்தச் சிமெண்டை இறக்கியிருக்க முடியாது. பொருளியலாளர்கள் இதை ‘உள்வாங்கும் திறன்’ என்பார்கள்: ஒரு நாட்டில் எத்தனை பொறியாளர்கள், எத்தனை ஒப்பந்ததாரர்கள், எத்தனை கப்பல் மேடைகள், திட்டங்களைச் சரிபார்க்கத் தெரிந்த எத்தனை அதிகாரிகள் இருக்கிறார்களோ, அந்த அளவுக்குத்தான் ஓர் ஆண்டில் பணம் கட்டடமாக மாறும். மீதி விலைவாசியாக மாறும். சில ஆண்டுகள் கழித்து அஜாவோகுட்டாவில் தொடங்கிய மாபெரும் எஃகு ஆலை இன்னொரு வகைப் பாடம். 1980களிலேயே பெரும்பகுதி கட்டி முடிக்கப்பட்டும், இரும்புத்தாது கொண்டுவரும் ரயில் பாதை முடியாததால் உலை ஓடவில்லை. இன்றுவரை அதன் ஊதுலையிலிருந்து எஃகு வணிகத்துக்கு வந்ததில்லை. அதே காலத்தில் நைஜீரியாவின் நிலக்கடலை, பனையெண்ணெய் ஏற்றுமதிகள் ஏறக்குறைய மறைந்தே போயின.

முதல் வழியைத் தேர்பவர்கள் பார்க்க வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. பட்ஜெட்டில் கட்டுமானத்துக்கு ஒதுக்கும் தொகை இரட்டிப்பாகியும் முடிந்த சாலையின் நீளம் இரட்டிப்பாகவில்லை, ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவுதான் ஏறுகிறது என்றால், உள்வாங்கும் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள்.

வெளிநாட்டில் சேர்த்து வைப்பது

இரண்டாவது யோசனையோடு எப்போதும் நார்வேயின் படம் ஒட்டியிருக்கும். அந்த நிதியம் 2017இல் 1 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. உலகப் பங்குச் சந்தைகளில் பட்டியலிடப்பட்ட பங்குகளில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அதன் கையில் இருக்கிறது. பங்கு முதலீடு எதையும் அது நார்வேக்குள் செய்வதில்லை. காரணம் முன்பு சொன்ன கோகோ கணக்குதான்: டாலர் உள்ளே வராவிட்டால் நாணயமும் கூலியும் வீங்காது. எதிர்பார்க்கக்கூடிய உண்மையான வருமானம் எவ்வளவோ அவ்வளவுதான் ஆண்டுதோறும் பட்ஜெட்டுக்கு எடுக்கலாம் என்ற விதி 2001இல் வந்தது. அப்போது அது 4 சதவீதம். 2017இல் 3 ஆகக் குறைத்தார்கள்.

இந்தப் படத்தைக் காட்டுபவர்கள் தேதிகளைச் சொல்வதில்லை. எக்கோஃபிஸ்க் வயலில் எண்ணெய் கிடைத்தது 1969 இறுதியில். நிதியத்துக்கான சட்டம் 1990. அதில் முதல் தொகை போடப்பட்டது 1996. இடையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல்! அந்தக் காலத்தில் நார்வே என்ன செய்தது? வரப்போகும் எண்ணெயை நம்பிக் கடன் வாங்கியது, சம்பளங்களை உயர்த்தியது, நலிந்த தொழில்களுக்கு மானியம் கொடுத்தது. கூலியும் விலையும் கட்டுமீறியதால் 1978இல் இரண்டையும் சட்டப்படி உறைய வைத்தது. 1986இல் எண்ணெய் விலை சரிந்தபோது நாணய மதிப்பைக் குறைக்க வேண்டி வந்தது. சில ஆண்டுகளில் வங்கிகளும் கவிழ்ந்தன. இத்தனை அடிகளையும் வாங்கி, கடனைக் கட்டி, பட்ஜெட்டில் உண்மையான மிச்சம் வந்த பிறகுதான் முதல் குரோனர் நிதியத்துக்குப் போனது. அதற்கு முன்பே நேர்மையான வரித்துறை, தணிக்கை, பத்திரிகை எல்லாம் அங்கே இருந்தன. ஏழை நாடுகளுக்கு 1996இன் நார்வேயைக் காட்டுகிறார்கள். அந்த நாடுகளின் கடன் நிலையோ 1970களின் நார்வேக்கு நெருக்கமாக இருக்கிறது.

இந்த இடைவெளி எவ்வளவு விலை கேட்கும் என்பதைக் கானாவில் படிப்படியாகப் பார்க்கலாம். 2007இல் ஜூபிலி வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 2010 டிசம்பரில் எண்ணெய் வரத் தொடங்கியது. 2011இல் வந்த பெட்ரோலிய வருவாய் மேலாண்மைச் சட்டம், காகிதத்தில் படித்தால் பாராட்டாமல் இருக்க முடியாது. எதிர்பார்க்கும் விலையை அமைச்சர் தன் விருப்பப்படி போட முடியாது. ஏழு ஆண்டுச் சராசரியிலிருந்து கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்ட வருவாயில் அதிகபட்சம் 70 சதவீதம் பட்ஜெட்டுக்கு. மீதி இரண்டு நிதியங்களுக்கு: விலை விழும்போது தாங்க ஒன்று, வருங்காலத் தலைமுறைக்கு ஒன்று. கண்காணிக்கப் பொதுமக்கள் பிரதிநிதிகள் கொண்ட குழுவும் உண்டு. அந்தக் குழு பயனுள்ள அறிக்கைகளையே வெளியிட்டது. எண்ணெய்ப் பணம் எண்ணற்ற சிறு திட்டங்களாகச் சிதறுவதையும், முடிந்ததாகக் கணக்கில் காட்டிய சில பணிகள் களத்தில் அரைகுறையாகக் கிடப்பதையும் அது சுட்டிக்காட்டியது.

சட்டம் எண்ணெய்ப் பணத்தைக் கட்டுப்படுத்தியது. ஆனால் அரசின் மொத்தச் செலவையோ கடனையோ அது தொடவில்லை. 2011இல் கானாவின் பொருளாதாரம் 14 சதவீதம் வளர்ந்தது. இனி எப்போதும் இப்படித்தான் என்ற மனநிலை வந்துவிட்டது. அரசு ஊழியர்களின் புதிய சம்பளத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2012 தேர்தல் ஆண்டு. அந்த ஆண்டின் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 சதவீதத்தைத் தாண்டியது. பிறகு எண்ணெய் விலை விழுந்தது. 2015 ஏப்ரலில் சர்வதேச நாணய நிதியத்திடம் போனார்கள். அதே ஆண்டு அக்டோபரில் 100 கோடி டாலருக்கு வெளிநாட்டுக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். உலக வங்கி ஒரு பகுதிக்கு உத்தரவாதம் கொடுத்தும் வட்டி 10.75 சதவீதம்.

இப்போது இரண்டு கணக்குகளையும் ஒன்றாக வையுங்கள். ஒரு பக்கம், எதிர்காலத் தலைமுறைக்கான நிதியம் பாதுகாப்பான வெளிநாட்டுப் பத்திரங்களில் ஓரிரு சதவீத வட்டிக்குக் கிடக்கிறது. மறுபக்கம், அதே தலைமுறை திருப்பிக் கட்டப்போகும் கடன் 10.75 சதவீதத்துக்கு ஏறுகிறது. ஒவ்வொரு 100 டாலரிலும் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது டாலர் கரைகிறது. இதைச் சேமிப்பு என்று சொல்வதைவிட, ஒரு சட்டைப்பையில் இருப்பதை எடுக்காமல் இன்னொரு பைக்குக் கந்துவட்டிக்குக் கடன் வாங்குவது என்று சொல்லலாம். நெருக்கடி கூடியபோது, விலை தாங்கும் நிதியத்தின் உச்சவரம்பை அமைச்சர்கள் குறைத்து, மேலே இருந்ததை எடுத்துக்கொண்டார்கள். சட்டமே அதற்கு இடம் கொடுத்திருந்தது. 2022 டிசம்பரில் கானா வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பாலானவற்றுக்குத் தவணை கட்டுவதை நிறுத்தியது.

ஆப்பிரிக்க நாடான சாட்டின் கதை இன்னும் சுருக்கம். உலக வங்கியின் நிபந்தனைப்படி எண்ணெய் வருவாயில் 10 சதவீதத்தை வருங்காலத் தலைமுறைக்கு ஒதுக்கும் சட்டத்தை அந்நாடு இயற்றியது. 2003இல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் அந்த நிதியத்தையே ஒழித்துச் சட்டத்தைத் திருத்தியது. வெளியிலிருந்து வந்த பூட்டுக்குச் சாவி உள்ளேயே இருந்தது.

நிதியம் வீண் என்று நான் சொல்லவில்லை. கிழக்குத் திமோர் 2005இல் நார்வே முறைப்படியே ஒன்றைத் தொடங்கியது. நீடித்து எடுக்கத்தக்க அளவு 3 சதவீதம் என்று விதி வைத்துவிட்டு, ஆண்டுக்காண்டு அதற்கு மேலேயே எடுத்தும், அந்தச் சிறு நாட்டை இன்றுவரை தாங்கிக்கொண்டிருப்பது அந்தப் பணம்தான். ஆனால் நிதியத்தில் தொகை ஏறும்போதே அரசின் கடனும் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. ஏறினால் அங்கே சேமிப்பு என்று எதுவும் நடக்கவில்லை.

மக்களுக்குப் பிரித்துக் கொடுப்பது

மூன்றாவது வழி எனக்கு மனத்துக்கு நெருக்கமானது. அதனாலேயே சந்தேகத்தோடு பார்க்கிறேன். அதன் பின்னணி அரசியல். வரி வாங்கும் அரசு, வரி கட்டுபவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எண்ணெய்க் கிணற்றிலிருந்து வாழும் அரசுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பணத்தை மக்களிடம் கொடுத்துவிட்டு, அதில் ஒரு பகுதியை வரியாகத் திரும்பக் கேட்டால், அந்தப் பணம் எங்கே போனது என்று மக்கள் கேட்பார்கள் என்பது வாதம்.

அலாஸ்கா இதைச் செய்துகாட்டியது. 1969இல் ப்ரூடோ விரிகுடாவில் குத்தகை ஏலத்தில் வந்த 90 கோடி டாலர் சில ஆண்டுகளில் செலவாகிவிட, 1976இல் மாநில அரசியலமைப்பைத் திருத்தி, கனிம வருவாயில் குறைந்தது கால் பங்கை ஒரு நிரந்தர நிதியத்துக்கு ஒதுக்கினார்கள். 1982 முதல் ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் ஆண்டுதோறும் பங்குத்தொகை. முதல் ஆண்டு 1,000 டாலர். இதனால் மக்கள் வேலைக்குப் போவதை நிறுத்திவிடவில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் வாதத்தின் இரண்டாம் பாதியை அலாஸ்கா செய்யவே இல்லை. கொடுப்பதற்குச் சற்று முன்பு, 1980இல், தனிநபர் வருமான வரியை ரத்து செய்துவிட்டது. அதனால் எண்ணெய் விலை விழும்போது அரசுக்கு வேறு வரி வருமானம் பெரிதாக இல்லை. 2016இல் ஆளுநர் பில் வாக்கர் பங்குத்தொகையைப் பாதியாகக் குறைத்து 1,022 டாலராக்கினார். அன்றிலிருந்து அம்மாநில அரசியல் பெரும்பாலும் இந்தக் காசோலை எவ்வளவு என்பதைச் சுற்றியே ஓடுகிறது. பள்ளி நிதி அதற்குப் பின்னால்தான்.

ஏழை நாடுகளில் நிலைமை வேறு. மங்கோலியாவில் 2008 தேர்தலில் இரு பெரிய கட்சிகளும் சுரங்க வருவாயிலிருந்து ஆளுக்கு 10 லட்சம் துக்ரிக், 15 லட்சம் துக்ரிக் என்று ஏலம் போட்டன. பெரிய சுரங்கத்தின் வருமானம் வருவதற்கு முன்பே, முன்பணத்தையும் கடனையும் வைத்துக் கொடுக்கத் தொடங்கி, 2012இல் மாதத் தொகையை நிறுத்திக்கொண்டார்கள். ஈரான் இன்னொரு விதம். 2010 டிசம்பரில் எரிபொருள் மானியத்தை வெட்டிவிட்டு, ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் வங்கிக் கணக்கில் போட்டது. அன்றைய மதிப்பில் அது 45 டாலருக்குக் கிட்ட. ஏழைகளுக்கு அது உண்மையில் உதவியது. ஆனால் தொகையை ரியாலில் நிலையாக வைத்ததால், பணவீக்கமும் நாணய வீழ்ச்சியும் சேர்ந்து சில ஆண்டுகளில் அதைச் சில டாலர்களாக்கிவிட்டன.

மக்கள் கையில் கொடுப்பதால் டச்சு நோயும் தீராது. அரசு சிமெண்ட் வாங்கினாலும் குடும்பம் வீடு கட்டினாலும் கூலி உயரும், கோகோத் தோட்டக்காரர் நட்டப்படுவார். பங்கீடு திருட்டைக் குறைக்கும், வேகத்தைக் குறைக்காது.

வேகத்துக்குக் கடிவாளம்

அதனால்தான் சிலி எனக்கு இந்த மூன்று வழிகளையும்விட முக்கியமாகப் படுகிறது. அது எண்ணெய் நாடு அல்ல, செம்பு நாடு. 2001இல் அது வகுத்துக்கொண்ட விதி பணத்தை எங்கே வைப்பது என்று தொடங்கவில்லை. எவ்வளவு செலவழிக்கலாம் என்று தொடங்கியது. செம்பு அதன் நீண்டகால விலையில் விற்றால் எவ்வளவு வருமானம் வருமோ, அதை வைத்துத்தான் செலவுத் திட்டம். அந்த நீண்டகால விலையை நிதியமைச்சர் சொல்வதில்லை. அரசுக்கு வெளியே உள்ள வல்லுநர்கள் ஒவ்வொருவரும் அடுத்த பத்து ஆண்டுகளுக்கான சராசரி விலையைத் தனித்தனியாக எழுதிக் கொடுப்பார்கள். உச்சமான ஒன்றையும் தாழ்வான ஒன்றையும் நீக்கிவிட்டு மீதியின் சராசரியை எடுப்பார்கள். சின்ன ஏற்பாடுதான். ஆனால் உலகெங்கும் வள நாடுகளின் பட்ஜெட் கெடுவது பெரும்பாலும் அந்த ஒற்றை எண்ணில்தான்: விலை ஏறியிருக்கும்போது, இது நிலைக்கும் என்று கணிக்காத அரசு அரிது.

2006 முதல் 2008 வரை செம்பு விலை எகிறியது. நிதியமைச்சர் ஆந்த்ரேஸ் வெலாஸ்கோ விதியைப் பிடித்துக்கொண்டு செலவை உயர்த்த மறுத்தார். தெருவில் போராட்டம் நடந்தது. ஆளுங்கட்சிக் கூட்டணிக்குள்ளேயே திட்டு விழுந்தது. விதியால் மிஞ்சியது நிதியத்துக்குப் போனது. 2008 இறுதியில் அதில் 2,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது. உலக நெருக்கடி வந்து செம்பு விலை விழுந்த மறு மாதங்களில், 2009 ஜனவரியில், சுமார் 400 கோடி டாலருக்கு ஊக்கத் திட்டத்தை அறிவித்தார்கள். பணம் பெரும்பாலும் அந்த நிதியத்திலிருந்தே வந்தது. திட்டு வாங்கிய அமைச்சர் அந்த ஆண்டு நாட்டின் செல்வாக்கு மிக்க அமைச்சர்களில் ஒருவரானார்.

புதிதாக எண்ணெய் கண்ட ஏழை நாட்டுக்கு இதிலிருந்து என் பரிந்துரை ஒரு வரிசை. முதலில் கடிவாளம்: விலையை வெளியாள்கள் சொல்லட்டும், மொத்தச் செலவும் கடனும் ஒரே விதிக்குள் வரட்டும். அடுத்து, அதிக வட்டிக் கடன்களை அடைத்தல். எந்த வெளிநாட்டுப் பத்திரமும் தராத வருமானம் அதில் இருக்கிறது. பிறகு, உள்வாங்கும் திறன் வளரும் வேகத்தில் உள்நாட்டு முதலீடு. விலை விழும்போது தாங்க இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் போதுமான சிறு நிதியம். தலைமுறைகளுக்கான பெரிய நிதியம் கடைசியில். பங்கீட்டை, வரித்துறை ஒன்று உருவாகியிருந்தால் மட்டும், சிறு தொகையில் தொடங்கலாம்.

இந்த வரிசை காக்கப்படுகிறதா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே ஓர் எண் போதும்: எண்ணெயைக் கழித்துவிட்டுப் பார்க்கும் பற்றாக்குறை. வரி வருவாய் 100, எண்ணெய் வருவாய் 30, செலவு 120 என்று வையுங்கள். தலைப்புச் செய்தியில் 10 உபரி என்று வரும். எண்ணெயை நீக்கினால் 20 பற்றாக்குறை. அடுத்த ஆண்டு விலை ஏறி எண்ணெய் 50 தருகிறது, செலவு 138 ஆகிறது. உபரி 12 என்று அறிவிப்பார்கள். எண்ணெய் நீங்கலான பற்றாக்குறையோ 38. விலை பழைய இடத்துக்குத் திரும்பினாலே 8 துண்டு விழும். நார்வே இந்த எண்ணைத்தான் ஆண்டுதோறும் பட்ஜெட்டின் மையத்தில் வைத்து வெளியிடுகிறது. கானாவின் 2012ஐ இந்த எண்ணில் பார்த்திருந்தால் 2015க்காகக் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

சிலியின் கடிவாளத்துக்கும் தேய்மானம் உண்டு. விதி செலவின் அளவுகோலைச் சொன்னதே தவிர, இலக்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு அரசும் தானே வைத்துக்கொள்ளலாம். முதலில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீத உபரி இலக்காக இருந்தது, பிறகு பாதியானது, பிறகு சுழியமானது, 2010இல் நிலநடுக்கத்துக்குப் பிந்தைய ஆண்டுகளிலிருந்து பற்றாக்குறையே இலக்கானது. 2007இல் உற்பத்தியில் 4 சதவீதமாக இருந்த அரசுக் கடன் இப்போது 40 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அதனால் 2019இல் தன்னாட்சி நிதிக் கவுன்சில் ஒன்றை அமைத்தார்கள். கணக்கைச் சரிபார்ப்பதும், இலக்கு தவறினால் வெளிப்படையாகச் சொல்வதும் அதன் வேலை. சொல்வதற்கு மட்டும் அதற்கு அதிகாரம் உண்டு; செலவைத் தடுப்பதற்கு இல்லை.